யோக், ப்ளாக்கெட், கஸெட், பிரின்சஸ் கட்: தில்லித் தமிழர் கேட்கும் தையல் சொற்கள்

மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் மாலை வேளைகளில் தையல் கற்றுக்கொள்ள வருபவர்கள் தமிழில் யோசிப்பார்கள், இந்தியில் பேரம் பேசுவார்கள், பேட்டர்ன் தாளை ஆங்கிலத்தில் படிப்பார்கள். மூன்றும் ஒரே சட்டையில் வந்து மோதும்போது எழும் கேள்விகள் இவை. கழுத்து, கை, உயரம், கொக்கி, நாடா மாதிரியான சொற்களில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. ஆகவே அவற்றை விட்டுவிடலாம்.

யோக் என்பதற்கு அகராதி “நுகத்தடி” என்கிறது. சட்டையில் நுகத்தடி எங்கே இருக்கிறது?

மாட்டின் கழுத்தில் இருப்பது சட்டைக்கு வராது. அகராதி சொல்லும் பொருளை விட்டுவிட்டு, அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆண்கள் சட்டையின் பின்பக்கம், காலருக்குக் கீழே, இரு தோளையும் மூடியபடி குறுக்காக ஒரு பாகம் இருக்கும். நடுமுதுகில் அதன் உயரம் பெரும்பாலும் 3 முதல் 4 இன்ச். முதுகுத் துணி அதன் கீழ் விளிம்பில் தொங்குகிறது. சட்டையின் எடை முழுவதும் தோளில் இறங்குவதால் அந்த இடத்தில் இரண்டு அடுக்குத் துணி வைக்கிறார்கள். கையை முன்னால் நீட்டும்போது முதுகு இறுக்காமல் இருக்க, கீழ்த் துணியில் ஒன்றிரண்டு மடிப்பு வைத்து அதில் சேர்க்கிறார்கள்.

இதைத் “தோள் துண்டு” என்று எழுதிப் பார்த்தால் சிரிப்புதான் வரும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடக்கிற ஊர்க்காரர்கள் நாம். “தோள்பட்டி” பரவாயில்லை, ஆனால் எழுதும்போது தோள்பட்டை ஆகிவிடும், அப்புறம் “தோள்பட்டையை இரண்டாக வெட்டு” என்று படிப்பவர் திடுக்கிடுவார். அதோடு, பட்டி என்றால் ஒடுக்கமான நீளத் துணி என்றுதான் நம் கண்ணில் வரும்.

நான் பழக்கப்படுத்துவது தோள் பாகம். தையல்காரர்கள் ஏற்கெனவே முன் பாகம், பின் பாகம் என்கிறார்கள். அந்த வரிசையில் இது தானாக உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு அடுக்கையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வெளித் தோள் பாகம், உள் தோள் பாகம் என்றால் போதும்: “பின் பாகத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து அடிக்கவும்.” சொல்லித்தர இதற்கு மேல் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் பாவாடையின் இடுப்பில் வருவதும் யோக், குழந்தை கவுனின் மார்பில் வருவதும் யோக். தமிழில் அந்த மூன்றையும் ஒரே பெயரில் அடைக்க வேண்டாம். பாவாடைக்கு இடுப்புப் பாகம், கவுனுக்கு மேல் பாகம். இடத்தின் பெயர் முன்னால் இருந்தால் படிப்பவர் கை நேராக அங்கே போய்விடும்.

ப்ளாக்கெட்டை “பட்டி” என்று சொன்னால் போதாதா?

கடையில் பேசப் போதும். இந்தியிலும் பட்டிதான் என்பதால் மாஸ்டர்ஜிக்கும் புரியும். எழுதிக் கொடுக்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உடுத்த வசதியாகத் துணியில் நாம் வெட்டுகிற திறப்பு. இன்னொன்று அந்தத் திறப்பின் இரு பக்கமும் வைத்துத் தைக்கிற பட்டி. ஆங்கிலச் சொல் இரண்டையும் சேர்த்துக் குறிக்கிறது. “ப்ளாக்கெட் 12 இன்ச்” என்றால் வெட்டு 12 இன்ச்சா, பட்டித் துணி 12 இன்ச்சா? பட்டி நீளமாக இருக்க வேண்டும், கீழே மடித்து அடிக்க ஒன்றரை இன்ச்சாவது கூடுதல் வேண்டும். தமிழில் “திறப்பு 12 இன்ச், பட்டி பதின்மூன்றரை இன்ச்” என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

பட்டிகளுக்கும் பெயர் வேண்டும். பட்டன் தைக்கிற பக்கம் பட்டன் பட்டி, காஜா போடுகிற பக்கம் காஜாப் பட்டி. ரவிக்கை என்றால் கொக்கிப் பட்டி, வளையப் பட்டி. வலது, இடது என்று எழுதாமல் இருப்பது நல்லது. மேசையில் துணியைப் புரட்டிப் போட்டதும் வலது இடதாகிவிடும், புதிதாகத் தைப்பவர் மாற்றித் தைத்துவிடுவார். “மேலே வரும் பட்டி, அடியில் போகும் பட்டி” என்றால் எந்தப் பக்கம் புரட்டினாலும் மாறாது. ஆண்கள் சட்டையில் உடுத்தியவரின் இடப்பக்கம் மேலே வரும் என்பதைத் தனியாக ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

குர்தாவின் பாதித் திறப்பில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் அதன் அடிமுனை. 1 இன்ச் அகலப் பட்டி என்றால் முன் பாகத்தின் நடுவில் 1 இன்ச் அகலத்துக்கு ஒரு நீளப் பெட்டி வரைந்து, அதன் இரண்டு நீளக் கோட்டிலும் பட்டிகளைத் தைப்பார்கள். பிறகு பெட்டியின் நடுவே மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, அடிக்கு அரை இன்ச் முன்பே நிறுத்தி, அங்கிருந்து இரு மூலைக்கும் சாய்வாக வெட்ட வேண்டும். கீழே சின்னதாக ஒரு முக்கோணம் மிஞ்சும். இந்த வெட்டுக்கு முக்கோண வெட்டு என்று பெயர் வைத்தால், பட்டியை உள்ளே திருப்பிய பிறகு “முக்கோணத்தைப் பட்டியோடு சேர்த்து அடிக்கவும்” என்று அடுத்த வரியை எழுதிவிடலாம். சாய்வு வெட்டு கடைசித் தையலுக்கு ஒரு நூல் முன்பு நிற்க வேண்டும். அதற்கும் முன்பே நின்றால் பட்டியைத் திருப்பும்போது மூலையில் சுருக்கம் விழும். தையலைத் தாண்டினால் வெளிப்பக்கம் ஓட்டை தெரியும். சுருக்கம் விழுந்தால் இன்னும் ஒரு நூல் வெட்டிச் சரிசெய்யலாம், ஓட்டைக்கு மருந்து கிடையாது.

கஸெட்டை இங்கே ஒருவர் மியானி என்கிறார், இன்னொருவர் பகல் என்கிறார். இரண்டும் ஒன்றா?

இறுக்காமல் இருக்க இடையில் ஒரு துணி வைப்பது. வேலை ஒன்று, இடம் வேறு. மியானி என்றால் சல்வார், பைஜாமாவில் இரண்டு காலும் சேரும் இடத்தில் வைக்கிற துணி. குர்தாவில் கைக்கு அடியில் வைப்பது பகல், அல்லது சௌபக்லா. பகல் என்றால் இந்தியில் அக்குள். பழைய முறை உடைகளை வெட்டியவர்கள் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம்தான் இரண்டையும் கஸெட் என்று ஒன்றாக்கிவிட்டது. நாமும் பிரித்தே வைத்துக்கொள்ளலாம்: அக்குள் துண்டு, காலிடைத் துண்டு. இங்கே துண்டு சரியான சொல், ஏனென்றால் இது கைக்குள் அடங்கும் சின்னத் துணிதான். “ஒட்டு” என்று மட்டும் எழுதாதீர்கள். ஒட்டு என்றால் கிழிசலை மறைக்க வைத்தது என்று பொருள் வந்துவிடும், புதுத் துணியில் ஏன் ஒட்டு என்று கேட்பார்கள்.

பெயர் சரியாக இருந்தால் செய்முறை எவ்வளவு எளிதாகிறது என்பதற்கு அக்குள் துண்டையே எடுத்துக்கொள்வோம். நேர்க்கையுள்ள குர்தா. கைத்துணி வெறும் நீள்சதுரம், அக்குள் வளைவு எதுவும் வெட்டுவதில்லை. கையை உடலோடு சேர்த்ததும் அக்குளில் முன்பக்கம் ஒரு செங்கோணமும் பின்பக்கம் ஒரு செங்கோணமும் இருக்கும். அதை அப்படியே மூடித் தைத்தால், கையைத் தூக்கும்போது குர்தாவின் கீழ் ஓரம் கூடவே மேலே ஏறும். நாள்பட அந்த மூலைதான் முதலில் கிழியும். தில்லிக் குளிரில் உள்ளே ஒரு தெர்மலும் போட்டுக்கொண்டால் அந்த இறுக்கம் இன்னும் கூடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்பு 40 இன்ச் உள்ள ஒருவருக்கு, தைத்து முடித்த அளவு 4 இன்ச் சதுரம் போதும். நான்கு பக்கமும் அரை அரை இன்ச் தையலுக்கு விட்டால் வெட்ட வேண்டியது 5 இன்ச் சதுரம், கைக்கு ஒன்றாக இரண்டு. சதுரத்தின் பக்கங்கள் நேர் நூலில் இருக்கட்டும். அப்போதுதான் மூலைக்கு மூலை போகும் கோடு நூலுக்குச் சாய்வாக, கிராஸில் விழும், கையைத் தூக்கும்போது அந்தத் திசையில் துணி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். சதுரத்தையே கிராஸில் வெட்டினால் ஓரங்கள் இழுபட்டு, தைக்கும்போதே கோணலாகும்.

இனி நான்கு மூலைக்கும் பெயர் வையுங்கள். ஆங்கிலச் செய்முறைகளில் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு என்று வரும் பகுதி இதுதான், பலர் குழம்பிக் கைவிடுவதும் இங்கேதான். முன் அக்குள் மூலை, அதற்கு எதிரே பின் அக்குள் மூலை, கைப்பக்க மூலை, இடுப்புப்பக்க மூலை. இப்போது செய்முறை இப்படி வரும்:

“சதுரத்தின் ஒரு பக்கத்தைக் கையின் முன் ஓரத்தோடு, முன் அக்குள் மூலையிலிருந்து கைப்பக்க மூலை வரை அடிக்கவும். அதே முன் அக்குள் மூலையிலிருந்து இடுப்புப்பக்க மூலை வரை, உடலின் முன் பாக ஓரத்தோடு அடிக்கவும். பின்பக்கமும் இதேபோல். ஒவ்வொரு மூலையிலும் அரை இன்ச் முன்பே தையலை நிறுத்தி, ரிவர்ஸ் போட்டுப் பூட்டவும். கடைசியில் கைமுனையிலிருந்து கைப்பக்க மூலை வரை கையை மூடி, இடுப்புப்பக்க மூலையிலிருந்து கீழே பக்கத்தை மூடவும்.”

மூலையில் அரை இன்ச் நிறுத்துவதுதான் இதன் உயிர். தையல் ஓரம் வரை ஓடிவிட்டால் அடுத்த பக்கத்தைத் திருப்பித் தைக்கும்போது துணி சிக்கி, வெளியே ஒரு சின்ன மடிப்பு குத்திக்கொண்டு நிற்கும். தைத்து முடித்து, அக்குள் துண்டை மூலைக்கு மூலை மடித்தால் முன்னும் பின்னும் ஒரே அளவில் முக்கோணம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பெரிதாக இருந்தால் ஏதோ ஒரு மூலையில் தையல் நழுவியிருக்கிறது.

எல்லா உடைக்கும் இது தேவையில்லை. அக்குள் வளைவு வெட்டி, கையின் தலைப்பகுதியையும் வளைத்து வெட்டுகிற சட்டையில் அந்த வளைவே இடம் கொடுத்துவிடும். வளைவே இல்லாத நேர்வெட்டில், அல்லது உடலோடு சேர்த்தே வெட்டிய இறுக்கமான கையில்தான் அக்குள் துண்டுக்கு வேலை.

“கவட்டை” என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு நல்ல சொல் இருக்கிறதா?

அதற்காகத்தான் காலிடை. கவட்டை நல்ல தமிழ்தான், மரக்கிளை பிரியும் இடத்துக்கும் அதே சொல். ஆனால் மாமிகள் நிறைந்த வகுப்பில் உரக்கச் சொன்னால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள், அளவு காதில் விழாது. அளவைச் சொல்லும்போது “இடுப்பிலிருந்து காலிடை வரை உயரம்” என்று எழுதலாம். இங்கே மாஸ்டர்ஜிகள் இந்த அளவை ஆசன் என்பார்கள், மரியாதையான சொல். ஆனால் ஆசனும் மியானியும் ஒன்றல்ல: ஆசன் அளவு, மியானி துணி.

பிரின்சஸ் சீம் என்பதற்கு “இளவரசித் தையல்” சரியா?

சரியில்லை. அந்தப் பெயரைக் கேட்டு யாராலும் துணியில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்ட முடியாது. இடுப்பில் குறுக்குத் தையல் இல்லாமல் மேலிருந்து கீழே நீளத் தையல்களாலேயே உடலை ஒட்டி நிற்கும் உடைகள் 1870களில் ஐரோப்பாவில் மோஸ்தரானபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. நமக்கு அந்த இளவரசியோடு உறவு ஒன்றும் இல்லை.

அதே சமயம் “பிரின்சஸ் கட்” என்ற சொல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம். சென்னை முதல் கரோல் பாக் வரை ரவிக்கை தைக்கும் கடைகளில் அந்தப் பெயர் புழங்குகிறது, அதைக் கேட்டுத்தான் வாடிக்கையாளர் வருகிறார். ரவிக்கையின் வகைக்கு அந்தப் பெயர் இருக்கட்டும். உள்ளே ஓடுகிற தையலுக்கு மட்டும் வளைவுத் தையல் என்றும், அது பிரிக்கிற இரண்டு துணிக்கு நடுப் பாகம், பக்கப் பாகம் என்றும் எழுதுங்கள். எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்துவிடுங்கள்: தோள் வளைவுத் தையல், அக்குள் வளைவுத் தையல். இந்த இரண்டு வகைதான் அதிகம் வரும்.

இது என்ன செய்கிறது என்றும் ஒரு வரி சொல்லிவிட்டால் பெயர் மனதில் நிற்கும். சாதாரண ரவிக்கையில் மேலே ஒரு டாட், இடுப்பில் ஒரு டாட் பிடிக்கிறோம். அந்த இரண்டு டாட்டின் நுனியையும் மார்புப் புள்ளியில் சேர்த்து, ஒரே கோடாக வெட்டிவிட்டால் அதுதான் வளைவுத் தையல். டாட்டில் மடித்து மறைத்த துணியை இங்கே வெட்டியே எடுத்துவிடுகிறோம். ஆகவே தைத்த பிறகு உள்ளே தடிமன் குறைவு, ஆனால் அளவைப் பின்னால் பெரிதாக்க இடமும் குறைவு. தையலுக்கு முக்கால் இன்ச் விட்டு வெட்டுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

தைக்கும்போது இரண்டு ஓரமும் ஒன்றுபோல் இருக்காது. பக்கப் பாகத்தின் ஓரம் வெளியே புடைத்திருக்கும், நடுப் பாகத்தின் ஓரம் உள்ளே குழிந்திருக்கும். முதலில் குழிந்த ஓரத்தில், தைக்கும் கோட்டுக்குச் சற்று வெளியே, ஒற்றைத் தையல் ஒன்று ஓட்டிக்கொள்ளுங்கள். பிறகு அரை இன்ச்சுக்கு ஒன்றாக அந்தத் தையல் வரை சின்னச் சின்ன வெட்டு கொடுத்தால் குழிந்த ஓரம் விரிந்து புடைத்த ஓரத்தோடு பொருந்தும். மார்புப் புள்ளிக்கு மேலே 2 இன்ச், கீழே 2 இன்ச்சில் இரண்டு பாகத்திலும் பொருத்தக் குறி வையுங்கள். இந்த இரண்டு குறிக்கும் நடுவில் மட்டும் பக்கப் பாகம் சற்றே நீளமாக இருக்கலாம், அதை விரலால் அணைத்துக் கொடுத்துத் தைக்க வேண்டும். குறிக்கு வெளியே நீளம் மிஞ்சினால் வெட்டியதில் பிழை.

போட்டுப் பார்க்கும்போது தையலோரம் சுருங்கி நின்றால் வெட்டுகள் போதவில்லை. மார்பில் கூம்பு மாதிரி முனை நீட்டிக்கொண்டிருந்தால் வளைவு மிகக் கூர்மையாக இருக்கிறது, புள்ளியின் இரு பக்கமும் ஒரு நூல் அளவு தேய்த்து மறுபடி தைக்கலாம். இஸ்திரியை மேசையில் தட்டையாக வைத்துப் போடாமல், சுருட்டிய டவல் மேல் வைத்துப் போடுங்கள்.

தையல் என்ற ஒரே சொல்லைத்தானே எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். குழப்பம் வராதா?

வரும். தொழிலும் தையல், ஊசி போடும் ஒவ்வொரு குத்தும் தையல், இரண்டு துணி சேரும் கோடும் தையல். பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். எழுத்தில் “தையலைப் பிரித்து இஸ்திரி போடவும்” என்றால் நூலைப் பிரிப்பதா, உள்ளே இருக்கும் துணி ஓரங்களை விரிப்பதா என்று தெரியாது. ஒருவர் உண்மையிலேயே நூலைப் பிரித்துவிடுவார். நான் எழுதும்போது துணிகள் சேரும் கோட்டுக்கு இணைப்பு என்றும், உள்ளே விடும் துணிக்கு தையலுக்கு விட்டது என்றும் எழுதுவேன். “இணைப்பின் இரு ஓரத்தையும் விரித்து இஸ்திரி போடவும்.” வளைவுத் தையல், பெட்டித் தையல் போன்று முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் தையல் என்றே இருக்கலாம், குழப்பம் இல்லை.

காலர், கஃப், டாட், காஜா இவற்றையும் தமிழாக்க வேண்டுமா?

வேண்டாம். காலர் தமிழ்ச் சொல்லாகிப் பல தலைமுறை ஆயிற்று. காஜா போர்த்துகீசியத்திலிருந்து வந்தது என்கிறார்கள், இந்தியிலும் காஜ்தான், எல்லோருக்கும் தெரியும். “பொத்தான் துளை” என்று எழுதினால் படிப்பவர் ஒரு நொடி நின்று, ஓ காஜாவா என்பார்.

மாஸ்டர்ஜியிடம் தைக்கக் கொடுக்கும்போது நம் சொல் உதவாதே?

அங்கே அவர் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அக்குள் துண்டுக்கு பகல், காலிடைத் துண்டுக்கு மியானி, பட்டிக்கு பட்டி. கீழே விரிய வைக்கும் கோணத் துணியைக் கலி என்பார்கள். தோள் பாகத்துக்குத்தான் எச்சரிக்கையாக இருங்கள். தீரா என்றால் பொதுவாக ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை எடுக்கும் அகல அளவு. சிலர் தோள் பாகத்தையும் தீரா என்பார்கள். “தீரா நான்கு இன்ச்” என்று நீங்கள் சொன்னால் அவர் விழிப்பார். பழைய சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், முதுகில் அந்த இணைப்பைத் தொட்டுக் காட்டி, “இது நான்கு இன்ச்” என்று சொல்வதுதான் பத்திரம்.

நாமே ஒரு சொல் வைத்தால் அது சரியா என்று எப்படித் தெரியும்?

தையல் தெரியாத ஒருவரிடம் ஒரு சட்டையைக் கொடுத்து, “அக்குள் துண்டைத் தொட்டுக் காட்டு” என்று சொல்லிப் பாருங்கள். கை நேராகப் போனால் சொல் நின்றுவிட்டது. தயங்கினால் இடத்தின் பெயர் குறைகிறது. வேறு இடத்தைத் தொட்டால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அடுத்ததாக, ஊரில் இருக்கும் அக்காவிடம் போனில், படம் எதுவும் அனுப்பாமல், ஒரு செய்முறை வரியைப் படித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிக் கேட்கிற இடம்தான் மாற்ற வேண்டிய இடம்.

பைக்கும் கஸெட் என்கிறார்களே, அதற்கும் துண்டுதானா?

இல்லை. பையில் அது முன்னும் பின்னும் உள்ள துணிக்கு நடுவே, அடியும் பக்கமுமாகச் சுற்றி வரும் நீளத் துணி. அதைப் பக்கப் பட்டி என்று சொல்லுங்கள். அதன் அகலம்தான் பையின் தடிமன், 4 இன்ச் தடிமனுக்கு இரு பக்கமும் தையலுக்கு விட்டு 5 இன்ச் வெட்ட வேண்டும்.